உறுமுற குட்டியை மல்லாக்க போட்டு அமுக்கச் சொல்ற புக்கை என்ன பண்றது?

கேள்வி: "டாக்டர், வணக்கமுங்க. நாங்க சென்னிமலை பக்கம், வீட்டை ஒட்டியே தறி ஷெட்டு. பையன் கேட்டான்னு லேப் குட்டி ஒண்ணு வாங்கியாந்தோம், இப்ப 9 வாரம் ஆகுது. வீட்டுல யாரும் இதுக்கு முன்னாடி நாய் வளர்த்ததில்ல, அதனால மூணு புக் வாங்கினேன். வட்டல் கிட்ட போனா குட்டி உறுமுது. ஒரு புக் மல்லாக்க போட்டு அமுக்கி யார் தலைவர்னு காட்டுங்குது, இன்னொண்ணு அப்படி பண்ணவே கூடாதுங்குது. ஒண்ணு இப்பவே வெளிய கூட்டிட்டு போங்குது, ஒண்ணு ஊசி முடியற வரைக்கும் வாசல் தாண்டாதேங்குது. மூணாவது புக் பச்சைக்கறிதான் போடோணுங்குது. இதுல எது நெசம், எது ஃபேஷனுங்க? நல்ல புக்கா சொல்லுங்க."

வணக்கமுங்க. உறுமறதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் இப்ப அவசரம். மல்லாக்க போட்டு அமுக்கறது, கழுத்துத் தோலை புடிச்சு உலுக்கறது, மூஞ்சிய புடிச்சு அழுத்தறது இதெல்லாம் இன்னையோட நிறுத்திருங்க, வீட்டுல பெரியவங்க யாராச்சும் பண்ணினாலும் தடுத்துருங்க. அந்த புக்கை எழுதினவரு கெட்ட எண்ணத்துல எழுதல, ஆனா அந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா இனி எந்த புக்கை பாத்தாலும் நீங்களே கண்டுபிடிச்சுருவீங்க, அதனால அதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்துல பாசல் ஊர் மிருகக்காட்சிசாலையில ஓநாய்ங்கள பாத்து எழுதினாரு. அங்க இருந்ததுங்க அடைச்சு வெச்ச ஓநாய்ங்க, காட்டுல தானா சேர்ந்து வாழ்ற கூட்டம் இல்ல. தப்பிச்சுப் போக வழியில்லாததால இடத்துக்கும் துணைக்கும் சண்டை போட்டு ஒண்ணு மேல வந்துச்சு, அதுக்கு 'ஆல்ஃபா'ன்னு பேரு வந்துச்சு. ஒறம்பரையே இல்லாத பத்து பேரை ஒரே ரூம்புக்குள்ள போட்டு பூட்டிட்டு, அவங்க போடற சண்டையை பாத்து குடும்பம்னா இப்படித்தான் இருக்கும்னு எழுதற மாதிரி ஆயிருச்சு அது. அமெரிக்காக்காரரு டேவிட் மெக், ஓநாய் ஆராய்ச்சியில பெரிய பேரு, அவரும் 1970ல எழுதின புத்தகத்துல இதையே எடுத்து எழுதினாரு, அங்க இருந்துதான் ஊரெல்லாம் பரவுச்சு. 1978ல நியூயார்க் மாநிலத்துல நியூ ஸ்கீட்ங்கற மடத்துத் துறவிங்க, நாய் வளர்த்து பழக்கறவங்க, அவங்க எழுதின புக் சக்கைப்போடு போட்டுச்சு, குட்டியை மல்லாக்க உருட்டி அமுக்கற முறைய வீடு வீடா கொண்டு போனது அந்த புக்குதான்.

இப்ப இதுல முக்கியமான விசயம் என்னன்னா, இவங்கள்ல ரெண்டு தரப்பும் பின்னாடி தாங்க சொன்னதையே மாத்திக்கிட்டாங்க. மெக் 1986ல இருந்து கனடாவுல எல்ஸ்மியர் தீவுல காட்டு ஓநாய்ங்க கூட கோடைக்கு கோடை போய் இருந்து பாத்தாரு. அங்க அவரு பாத்தது அம்மா, அப்பா, புள்ளைங்க, அவ்வளவுதான். சண்டை போட்டு பதவி புடிக்கற கதையே அங்க இல்ல, பெத்தவங்க முன்னால போறாங்க, குட்டிங்க பின்னால போகுதுங்க. 1999ல அதை கட்டுரையா எழுதி வெளியிட்டாரு. தன்னோட பழைய புக்கை அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துக்கிட்ட பல வருஷம் கேட்டு 2022ல நிறுத்த வெச்சாரு. அந்த மடத்துக்காரங்களும் 2002ல போட்ட திருத்தின பதிப்புல அமுக்கற முறைய கைவிட்டுட்டாங்க. ஆனா அதுக்கு நடுவுல அதை பாத்து எழுதின நூத்துக்கணக்கான புக்குங்க இன்னும் கடையில கெடக்குது, உங்க கைக்கு வந்ததும் அந்த வகையறாதான். நாய்க்கு முன்னாடி நீ சாப்புடு, வாசப்படிய நீதான் முதல்ல தாண்டோணும், சோஃபா மேல ஏற விட்டா உன்ன மதிக்காது, இப்படி வரி ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க, இருந்தா அந்த புக்கோட பழக்கவழக்க அத்தியாயம் முழுசும் அந்த பாசல் ஓநாய் கதை மேலதான் நிக்குது.

சரி, உறுமறது எதுக்குன்னா, உன்ன ஆளப்போறேன்னு அர்த்தம் இல்லீங்க. "இது போயிரும்னு பயமா இருக்குது, கிட்ட வராதே"ன்னு அது சொல்றது. ஒரே தட்டுல ஏழெட்டு குட்டிங்க போட்டி போட்டு தின்னு வளர்ந்திருந்தா இது எச்சாவே இருக்கும். நீங்க அமுக்கினா அதோட பயம் நெசம்னு ஆயிருது, ஆளு வந்தா அடி விழுகுதுன்னு கத்துக்கும். கொஞ்ச நாள்ல உறுமறது நின்னுரும், வீட்டுல எல்லாரும் சரியாயிருச்சுன்னு நினைப்பீங்க, ஆனா நின்னது எச்சரிக்கை மட்டும்தான், பயம் அப்படியேதான் உள்ள இருக்குது. இப்படி வளர்ந்த நாய்ங்கதான் ஒண்ணரை வயசு ரெண்டு வயசுல "எந்த சத்தமும் இல்லாம திடீர்னு கடிச்சிருச்சு டாக்டர்"னு என்கிட்ட வருதுங்க, விசாரிச்சா சின்னதுல உறுமுனப்ப அடிச்சு நிறுத்தினதை வீட்டுக்காரங்களே சொல்லுவாங்க.

அதுக்கு பதிலா என்ன பண்ணோணும்னா, 9 வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை தீனி, அந்த ஒவ்வொரு வேளையும் பாடம்தான். எப்பவும் போடற தீனிய வட்டல்ல போட்டு வெச்சுட்டு தள்ளி போயிருங்க. உப்பு மசால் இல்லாம வேக வெச்ச கோழிக்கறிய விரல் நகம் அளவுக்கு பிச்சு கையில வெச்சுக்கோங்க. ஒரு ஆறடி தள்ளி நடந்து வாங்க, வட்டல் பக்கமா ஒரு துண்டை போடுங்க, நிக்காம திரும்பி போயிருங்க. ஒரு வேளைக்கு நாலஞ்சு தடவை, அவ்வளவுதான். குனியாதீங்க, தொடாதீங்க, பேரைச் சொல்லி கொஞ்சாதீங்க.

எப்ப இன்னும் கிட்ட போறதுன்னு நாள் கணக்கு வெச்சுக்காதீங்க, குட்டிய பாருங்க. உங்க காலடி கேட்டதும் வட்டல்ல இருந்து தலைய தூக்கி, ஒடம்பு தளர்வா வாலை ஆட்டிட்டு உங்க கையை பாத்துச்சுன்னா அது "அட, கறி வருது"ன்னு புரிஞ்சிருச்சு, அடுத்த வேளைக்கு ஒரு எட்டு கிட்ட போலாம். அப்படி இல்லாம மெல்றதை நிறுத்தி அப்படியே வெறச்சு நின்னா, இல்ல தலைய வட்டலுக்குள்ள இன்னும் அமுக்கிட்டு அவுக் அவுக்னு வேகமா தின்னா, இல்ல கடைக்கண்ணுல வெள்ளை முழி தெரியற மாதிரி பாத்தா நீங்க எச்சா கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், உறுமறதுக்கு முன்னாடியே இது தெரியும். திரும்ப பழைய தூரத்துக்கு போயிருங்க. இந்த வயசுக் குட்டிங்க பெரும்பாலும் சில வாரத்துல வட்டல்கிட்ட நாம நின்னு கறிய நேரா உள்ளயே போடற அளவுக்கு வந்துரும். செருப்பை கவ்விட்டு போச்சுன்னாலும் இதேதான், துரத்தி புடுங்காதீங்க, கறிய காட்டி மாத்திக்கோங்க.

இதை பெரியவங்க மட்டும் பண்ணோணும், பையன் பண்ணவே கூடாது. அவன் பக்கத்துல இருக்கறப்ப குட்டி தின்னா நடுவுல ஒரு கேட்டோ கதவோ இருக்கோணும். அப்பறம் ஒண்ணு, வெளையாட்டுக்கு கவ்வினதா இருந்தாலும் பல் பட்டு தோல் கிழிஞ்சா, இன்னும் ரேபிஸ் ஊசி போடாத குட்டிங்கறத மனசுல வெச்சுட்டு, குழாய்த் தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஜிஹெச்சுக்கு போயிருங்க. குட்டி நாய்க்கு வெறி வராதுங்கற பேச்சை நம்பாதீங்க, குட்டிக்கும் வரும். ஒரு மாசம் மேல சொன்ன மாதிரி பண்ணியும் உறுமல் கூடிட்டே போச்சுன்னா புக்கை மூடி வெச்சுட்டு நேர்ல கூட்டிட்டு வாங்க, காது வலி, வாய்ப்புண், வயித்துல பூச்சின்னு ஒடம்பு காரணம் இருக்குதான்னு முதல்ல பாக்கோணும்.

அடுத்தது வெளிய கூட்டிட்டு போற விசயம். இதுல உங்க ரெண்டு புக்குமே சரியாத்தான் சொல்லுது, ஆனா ரெண்டும் பாதி பாதி. அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கற ஊர்ல ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு பேரு பல வருஷம் குட்டிங்கள வளர்த்து பாத்து 1965ல எழுதினாங்க, மூணாவது வாரத்துல இருந்து சுமார் பன்னெண்டு வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பயமில்லாம பாக்குதோ அதெல்லாம் வாழ்நாள் முழுக்க சாதாரணமா தெரியும்னு. இது ஃபேஷன் இல்லீங்க, அப்ப இருந்து இன்னைக்கு வரைக்கும் நிக்கற விசயம். உங்க குட்டிக்கு 9 வாரம்னா இருக்கறது இன்னும் கொஞ்ச நாள்தான்.

வாசல் தாண்டாதேன்னு சொல்ற புக்கு பயப்படறது பார்வோங்கற வைரஸ் கழிச்சல் நோய்க்கு, அந்த பயமும் நெசம். நாய் கழிச்சலோட மண்ணுல விழுந்த வைரஸ் மாசக்கணக்கா சாகாம கெடக்கும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி ஒடம்புல இருக்கற வரைக்கும் நாம போடற ஊசிய அது வேலை செய்ய விடாது, அது எந்த வாரத்துல தீரும்னு குட்டிக்கு குட்டி மாறும், அதனாலதான் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா திரும்ப திரும்ப போட்டு கடைசி ஊசிய 16 வாரத்துலயோ அதுக்கு அப்பறமோ போடறோம். அதுவரைக்கும் உள்ளயே வெச்சிருந்தா பார்வோ வராம இருக்கலாம், ஆனா ஹெல்மெட் போட்டவரை பாத்தா கூட நடுங்கற நாய் உங்க கையில இருக்கும். அமெரிக்க கால்நடை நடத்தை மருத்துவர் சங்கம் 2008ல இதுக்குத்தான் நடுவழி சொன்னாங்க, முதல் தவணை ஊசி போட்டு ஒரு வாரம் ஆயிருச்சு, பூச்சி மருந்தும் குடுத்தாச்சுன்னா கவனமா பழக்க ஆரம்பிக்கலாம்னு.

அதை நம்ம ஊருக்கு எப்படி மாத்தறதுன்னா, குட்டியோட கண்ணு காது மூக்கு வெளிய போகட்டும், காலு மட்டும் கீழ பட வேண்டாம். இடுப்புல தூக்கிட்டு, இல்ல கார்ல மடியில வெச்சுட்டு பஸ் ஸ்டாண்டு ஓரமா பத்து நிமிஷம் நில்லுங்க. டவுன் பஸ் ஹாரன், தலப்பா கட்டின பெரியவரு, குடை, கைத்தடி, ஹெல்மெட், சைக்கிள், கட்டுத்தறியில நிக்கற மாடு, ஆட்டுப்பட்டி, கோயில் மேளச்சத்தம் எல்லாம் தள்ளி நின்னு பாக்கட்டும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு கறி. உங்களுக்கு தறி ஷெட்டே பக்கத்துல இருக்கறது நல்லதா போச்சு, முதல் நாளே உள்ள கொண்டு போகாம வீட்டுத் திண்ணையில வெச்சு தறிச்சத்தத்தோட தீனி போடுங்க, அப்பறம் நாளாக நாளாக கிட்ட. கறிய வாங்கி தின்னா தூரம் சரி, கறிய வேண்டாம்னு வாலை சொருகிட்டு முகத்தை உங்க கையிடுக்குல புதைச்சா எச்சாயிருச்சு, உடனே தள்ளி வந்துருங்க. எத்தனை பாத்துச்சுங்கறது முக்கியம் இல்ல, பயப்படாம பாத்துச்சாங்கறதுதான்.

காலு கீழ படலாம்னா உங்க வாசலுக்குள்ள, அப்பறம் ஊசி தவறாம போட்ட ஆரோக்கியமான நாய் இருக்கற ஒறம்பரை வீட்டுக்குள்ள. தெருமுக்கு, சந்தைத் திடல், ரோட்டோரப் புல்லு, எங்க ஆஸ்பத்திரித் தரை இதெல்லாம் கடைசி ஊசி போட்டு பத்து பதினஞ்சு நாள் ஆகற வரைக்கும் வேண்டாம். வாந்தி, தீனி எடுக்காம சுருண்டு படுக்கறது, நாத்தமடிக்கற ரத்தக் கழிச்சல் வந்துச்சுன்னா நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க, குட்டிக்கு அன்னைக்கே டிரிப்ஸ் ஏத்தியாகோணும்.

ஒடம்பு சம்பந்தமான அத்தியாயத்துல கேள்வியே வேற, எந்த வருஷ புக்குங்கறத விட எந்த நாட்டு புக்குன்னு பாருங்க. இங்கிலாந்துல எழுதின புக் ரொம்ப நல்ல புக்காவே இருந்தாலும் ரேபிஸ் ஊசி வெளிநாடு கூட்டிட்டு போறதா இருந்தா போட்டா போதும்னு இருக்கும், ஏன்னா அங்க நாய்ங்ககிட்ட ரேபிஸ் இல்ல. அது அங்கத்துக்கு முழு உண்மை, இங்க அதை நம்பினா உசுரு போகும். நம்ம ஊருல 3 மாசம் முடிஞ்சதும் ரேபிஸ் ஊசி, அப்பறம் உங்க டாக்டர் கார்டுல எழுதி குடுக்கற பூஸ்டர், பொறவு வருஷா வருஷம். உண்ணியும் அப்படித்தான். அந்த புக்குல அரைப்பக்கம் இருக்கும், நம்ம பக்கம் வருஷம் முழுக்க உண்ணி, அதுல இருந்து வர்ற எர்லிக்கியா, பபீசியா காய்ச்சல்தான் எங்க வேலையில பெரிய பங்கு. காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப்பட்டைக்கு அடியில கையை விட்டு தடவி பாக்கோணும். ஈறு வெளுத்து, காய்ச்சலோட சோர்ந்து, மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்துல போனா உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணோணும். தோட்டத்துல மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்தை கண்ணளவுக்கு கலந்து குட்டிக்கு ஊத்தறவங்க இன்னும் இருக்கறாங்க, தயவு செஞ்சு வேண்டாம், எடை பாத்து எழுதி வாங்குங்க. பூனை வளர்க்கறவங்க இதை படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு, பெர்மெத்ரின் இருக்கற நாய் மருந்தும் பாரசிட்டமால் மாத்திரையும் பூனைய கொன்னுரும், நாயையும் பூனையையும் ஒரே அத்தியாயத்துல வெச்சு மருந்து சொல்ற புக்கை வாங்காதீங்க.

பச்சைக்கறி விசயம். 1993ல ஆஸ்திரேலியா கால்நடை மருத்துவரு இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதின புக்ல இருந்து இது பெருசாச்சு, நாய் ஓநாயோட வாரிசு, அதனால பச்சைக்கறியும் எலும்பும்தான்னு. ஆனா 2013ல மரபணு ஆராய்ச்சி வந்துச்சு, மாவுச்சத்தை செரிக்கற மரபணு ஓநாயை விட நாய்க்கு பல மடங்கு எச்சா இருக்குது, மனுசன் கூட இருந்து இருந்து சோத்துக்கு பழகிருச்சு. அதனால தானியமே ஆகாதுங்கறதுக்கு ஆதாரம் இல்ல. பச்சைக்கோழியில சால்மொனெல்லா கிருமி இருக்கும், சின்னப் பையன் இருக்கற வீட்டுல குட்டி அதை தின்னுட்டு மூஞ்சிய நக்கும், அதுக்காகவே நான் வேண்டாம்னு சொல்லுவேன். வேக வெச்சு போடுங்க, நாமக்கல் முட்டையும் வேக வெச்சு குடுக்கலாம்.

அதுக்காக வெறும் தயிர்சோறோ, பால்சோறோ, இல்ல வெறும் கோழியோ போட்டு லேப் குட்டிய வளர்க்க முடியாது. எலும்பு வளர்ற வயசுல கால்சியம் பத்தாம முன்னங்காலு வளைஞ்சு, கணுக்கிட்ட வீங்கி நொண்டிட்டு வர்ற குட்டிங்க நம்ம பக்கம் ஏராளம். சரி அதுக்கு கால்சியம் டானிக் ஊத்தலாம்னு கெளம்பறது இப்பத்த ஃபேஷன். பெரிய இன குட்டிங்களுக்குன்னு மூட்டையில எழுதின முழுத்தீனி போடறீங்கன்னா அதுலயே அளவா கால்சியம் இருக்குது, மேல ஊத்தினா அதுவே எலும்பு வளர்ச்சிய கெடுக்கும், பெரிய இனக் குட்டி ஒடம்பு வேண்டாத கால்சியத்தை தள்ளி விடாது. முழுத்தீனின்னா டானிக் வேண்டாம். வீட்டுச் சாப்பாடுன்னா டானிக் வேணுமா, எவ்வளவுன்னு எடைய போட்டு பாத்து உங்க டாக்டரு எழுதி குடுக்கோணும், ரெண்டையும் ஒட்டுக்கா பண்ணாதீங்க.

புக்கு பேரு கேட்டீங்க. இயன் டன்பார் எழுதின 'பிஃபோர் அண்ட் ஆஃப்டர் கெட்டிங் யுவர் பப்பி' வாங்குங்க. அவரு கால்நடை மருத்துவரும் கூட, பல் அழுத்தத்தை எப்படி கட்டுப்படுத்த கத்துக்குடுக்கறது, தனியா இருக்க எப்படி பழக்கறதுங்கறதெல்லாம் படிப்படியா இருக்குது, ஆனா தெருநாய் இல்லாத ஊரை மனசுல வெச்சு எழுதினது, அதனால வெளிய போறதுக்கு நான் மேல சொன்னதை வெச்சுக்கோங்க. ரெண்டாவதா பட்ரீசியா மெக்கானல் எழுதின 'தி அதர் எண்ட் ஆஃப் தி லீஷ்', 2002ல வந்தது. இதுல நாயை விட மனுசனைத்தான் எச்சா பாக்கறாங்க, நாம பாசத்துல கட்டிப்புடிக்கறது, மேல குனியறது, நேருக்கு நேர் மூஞ்சிக்கு மூஞ்சி போறது நாய்க்கு எப்படி தெரியுதுன்னு. பையனுக்கு அந்த பகுதிய மட்டும் தமிழ்ல சொல்லி குடுங்க, கட்டிப்புடிக்காம பக்கவாட்டுல உக்கோந்து நெஞ்சுப் பக்கம் தடவறது எப்படின்னு நீங்களே செஞ்சு காட்டுங்க.

உங்ககிட்ட இருக்கற மூணுல தலைவர் புக்கை ஒதுக்கி வெச்சுருங்க, வாசல் தாண்டாதே புக்குல ஊசி, கழிச்சல் பக்கங்கள மட்டும் படிங்க, மூணாவதுல இருக்கற தீனிக் கணக்கை தொடவே வேண்டாம். அடுத்த ஊசிக்கு வர்றப்ப இப்ப போடற தீனி மூட்டையோட பின்பக்கத்தை ஃபோன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க, வளர்ற குட்டிக்கான முழுத்தீனின்னு அதுல போட்டிருக்குதான்னு பாத்துட்டு எத்தனை கிராம்னு எழுதி குடுக்கறேன்.